எட்டு ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம்: பிரிட்டனுக்கு விண்ணப்பித்த செவிலியர் ஒருவரின் சுயவிவரம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் தென் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு செவிலியர். நான் முன்பு கற்பித்த செவிலியர் கல்லூரியின் பழைய மாணவி. அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அவரையோ அவர் பணியாற்றிய மருத்துவமனைகளையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் 2014-இல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தார். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் அவருடைய பெயர் பதிவானது டிசம்பர் இறுதியில். 2017 மார்ச் வரை மதுரையில் இருந்துவிட்டு, ஜூன் மாதம் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். அங்கே 2021 ஆகஸ்ட் வரை பணியாற்றித் திரும்பியபின் ஒன்பது மாதம் குடும்பக் காரணமாக வீட்டில் இருந்தார். 2022 ஜூனில் நாகர்கோவிலில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபடியே ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வில் தேவையான மதிப்பெண் பெற்று, பிரிட்டனின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பான என்.எம்.சி. நடத்தும் தகுதித் தேர்வின் முதல் பகுதியான சி.பி.டி.யை அக்டோபரில் முடித்தார்.

நவம்பரில் ஒரு முகவர் அவருக்கு நான்கு பக்கச் சுயவிவரம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்து அனுப்பத் தொடங்கினார். டிசம்பரில் பிரிட்டனின் அரசு மருத்துவமனை ஒன்று காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. அந்த நேர்காணல் இருபது நிமிடத்தில் முடிந்தது. தேர்வுக்குழுவின் முதல் கேள்வி அவருடைய என்.எம்.சி. பதிவு எண் என்ன என்பது; அவரிடம் அப்படியொரு எண் இல்லை. இரண்டாவது கேள்வி, சிறப்புச் செவிலியராக எந்த நோயாளிகளைத் தாமே பொறுப்பேற்றுப் பார்த்து வந்தார் என்பது. கேள்வியே அவருக்குப் புரியவில்லை. சுயவிவரத்தில் உள்ளதும் விண்ணப்பதாரர் சொல்வதும் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியுடன் மறுப்பு வந்தது. அதன் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார்.

முதல் சுயவிவரத்தில் கண்டவை

சுயவிவரத்தைப் படிப்பதற்கு முன் எல்லாச் சான்றிதழ்களின் மூலங்களையும் மேசையில் பரப்பி வைக்கச் சொன்னேன். சுயவிவரத்தின் வரி ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாள் ஆதாரம் என்று கேட்டுக்கொண்டே போனால் எங்கே பிழை என்பது தானாகத் தெரிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் ஐந்து இடங்களில் தாளும் வரியும் முரண்பட்டன.

முதலாவது, தலைப்பு. அவருடைய பெயருக்குக் கீழே, சிறப்புச் செவிலியர், பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற தாதி, சவூதி உரிமம் உடையவர், என்.எம்.சி. அனுமதி பெற்றவர் என்று ஐந்து அடைமொழிகள் ஒரே வரியில் இருந்தன. ஐந்தையும் ஏதோ ஒரு தாளோடு தொடர்புபடுத்த முடிந்தது. ஆனால் பிரிட்டனில் படிப்பவர் அவற்றுக்கு வேறு பொருள் கொள்வார். சவூதியின் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையம் செவிலியர்களைக் கல்வித் தகுதியை வைத்தே வகைப்படுத்துகிறது: பட்டயம் முடித்தவர் டெக்னீஷியன், பட்டம் முடித்தவர் ஸ்பெஷலிஸ்ட். இவருடைய அட்டையில் ஸ்பெஷலிஸ்ட் என்று அச்சாகியிருந்ததற்குப் பி.எஸ்சி. பட்டம் மட்டுமே காரணம். பிரிட்டனிலோ ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் என்பது ஒரு நோய்த் துறையில் ஆழ்ந்த அனுபவம் பெற்று, தமக்கென நோயாளிப் பட்டியல் வைத்திருக்கும் மூத்த பதவி. இவர் விண்ணப்பித்த ஐந்தாம் ஊதிய நிலை, பதிவுபெற்ற செவிலியரின் தொடக்க நிலை. மூத்த பதவியின் பெயரைத் தாங்கிக்கொண்டு தொடக்கப் பணிக்கு ஒருவர் ஏன் வருகிறார் என்று தேர்வுக்குழு குழம்பியது இயல்பே.

தாதி என்ற சொல்லும் இப்படித்தான். நம் நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் செவிலியராகவும் தாதியாகவும் சேர்ந்தே பதிவு பெறுகிறார். பிரிட்டனில் மகப்பேற்றுத் தாதிப் பணி தனித் தொழில். அதற்குத் தனிக் கல்வி, தனிப் பதிவு. பிரசவ அறையில் மாணவப் பருவத்துக்குப் பிறகு காலே வைக்காத ஒருவர் அந்த அடைமொழியைத் தலைப்பில் சுமப்பது தேவையற்ற கேள்வியை வரவழைக்கும்.

என்.எம்.சி. அனுமதி என்பது முகவரின் சொந்தச் சொல். அன்று அவரிடம் இருந்தது சி.பி.டி. தேர்ச்சி மட்டுமே. செய்முறைத் தேர்வான ஆஸ்கி பிரிட்டனில்தான் நடக்கும். அதில் தேறி, பதிவும் முடிந்த பிறகே பதிவு எண் கிடைக்கும். அதுவரை ஒருவர் அந்நாட்டில் தம்மைப் பதிவுபெற்ற செவிலியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முகவருக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, எட்டு ஆண்டு ஐ.சி.யூ. அனுபவம் என்ற வரி. 2014 அக்டோபரிலிருந்து விண்ணப்பித்த நாள்வரை நாட்காட்டியை எண்ணினால் எட்டு ஆண்டு வரும். அனுபவச் சான்றிதழ்களின்படி எண்ணினால் கணக்கு வேறு. சவூதியில் முதல் 14 மாதம் அறுவைச் சிகிச்சை வார்டு. பிறகு 37 மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவு. மதுரையில் பதிவுக்குப் பின் 27 மாதம். ஆகவே பதிவுபெற்ற செவிலியராக அவர் ஐ.சி.யூ.வில் இருந்தது 64 மாதம், அதாவது 5 ஆண்டு 4 மாதம். அதுவும் 2021 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது.

மூன்றாவது, இடைவெளி. பணிக்காலங்கள் ஆண்டுகளாக மட்டும் தரப்பட்டிருந்ததால், வீட்டில் இருந்த ஒன்பது மாதமும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்காவது, பெயர். ஐந்தாவது, பதிவுக்கு முந்தைய பணி. இவ்விரண்டையும் முடிவுகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், திருமண நிலை, இறுதியில் மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி ஆகியவையும் இருந்தன. பிரிட்டனில் சுயவிவரத்தில் இவற்றை எதிர்பார்ப்பதில்லை; வேறு பேச்சின்றி நீக்கினோம்.

பதிவுகளை எழுதிய முறை

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே வரிசையில் ஐந்து விவரங்கள் தருவது என்று முடிவு செய்தோம்: அமைப்பின் முழுப்பெயர், எந்தத் தகுதியில் பதிவு, பதிவு எண், முதலில் பதிவான தேதி, இன்றைய நிலையும் அது முடியும் தேதியும். உரிமம் என்ற சொல்லைத் தனித்து எங்கும் பயன்படுத்தவில்லை. ஒரு நாட்டில் பதிவு என்பதே பணிபுரியும் உரிமை. வேறொரு நாட்டில் தகுதி ஏற்பும் பணி உரிமமும் தனித்தனிப் படிகள். துபாய்க்கு விண்ணப்பிக்கும் நம் செவிலியர் பலர், தேர்வில் தேறிப் பெற்ற தகுதிக் கடிதத்தையே உரிமம் என்று எழுதுகிறார்கள். அங்கே வேலை கொடுக்கும் நிறுவனத்தின் வழியாகச் செயற்படுத்தப்பட்ட பிறகே அது உரிமம். எனவே அமைப்பு என்ன சொல்லைத் தாளில் அச்சிட்டிருக்கிறதோ அதையே எழுதி, அதன் பொருளைச் சில சொற்களில் விளக்குவதே பாதுகாப்பு.

சுயவிவரம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. அந்தப் பகுதியின் உள்ளடக்கத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

பிரிட்டன், என்.எம்.சி.: வயது வந்தோர் செவிலியர் பிரிவுக்கு விண்ணப்பம் நடப்பில், சி.பி.டி. தேர்ச்சி, அக்டோபர் 2022. ஆஸ்கி எழுத வேண்டியுள்ளது. பதிவு எண் இன்னும் வழங்கப்படவில்லை.

இந்தியா, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம்: செவிலியர் பதிவு எண், முதற்பதிவு டிசம்பர் 2014, நடப்பில் உள்ளது, முடியும் தேதி, பட்டத்தின் பகுதியாகத் தாதிப் பதிவும் உண்டு, அத்துறையில் பணி அனுபவம் இல்லை.

சவூதி அரேபியா, சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையம்: பட்டதாரிச் செவிலியர் என்ற வகைப்பாடு, அட்டையில் ஸ்பெஷலிஸ்ட் என்று அச்சிடப்பட்டுள்ளது, பதிவு எண், நாடு திரும்பியபின் காலாவதி, புதுப்பிக்கப்படவில்லை.

காலாவதி என்ற சொல்லை எழுத அவர் மிகவும் தயங்கினார். “மேடம், காலாவதி என்று பார்த்தால் ஏதோ தப்புப் பண்ணி ரத்து செய்துவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்களா?” என்று கேட்டார். அந்த அச்சம் நியாயமானது. அதனாலேயே நாடு திரும்பியபின் என்ற காரணத்தைச் சேர்த்தோம். முடிந்த தேதியையும் பணி முடிந்த தேதியையும் அருகருகே பார்க்கும் எவருக்கும் சந்தேகம் எழாது. தேதியை மறைத்திருந்தால்தான் அந்தச் சந்தேகம் எழும். ஏனெனில் ஒழுங்குமுறை அமைப்புகள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்டே பதிவை உறுதிசெய்கின்றன.

பதிவுக்கு முந்தைய பணி இதைவிடச் சிக்கலாக இருந்தது. மதுரை மருத்துவமனையின் சான்றிதழ் 2014 அக்டோபர் முதலே அவரை ஸ்டாஃப் நர்ஸ் என்று குறிப்பிடுகிறது. பதிவோ டிசம்பர் இறுதியில். பதிவு வரும் முன்பே புதிய பட்டதாரிகளை வார்டில் நிறுத்திக்கொள்வதைச் சில மருத்துவமனைகள் வழக்கமாக வைத்திருந்தன. சேர்ந்த மாதத்தை ஜனவரி என்று மாற்றிவிடலாமா என்று அவர் கேட்டார். மாற்றியிருந்தால் சுயவிவரமும் சான்றிதழும் முரண்படும். அது சிறு குறையை மறைக்கப் பெரிய பொய்யை எழுதுவதாகும். சேர்ந்த தேதியைச் சான்றிதழில் உள்ளபடியே விட்டு, முதல் மூன்று மாதம் பதிவு வரும்வரை மூத்த செவிலியரின் மேற்பார்வையில் பணி என்று நடந்ததை எழுதினோம். அனுபவக் கூட்டலில் அந்த மாதங்களைச் சேர்க்கவில்லை.

பெயர்

தமிழ்ப் பெயர் வழக்கம் அயல்நாட்டுப் படிவங்களில் எத்தனை தொல்லை தரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பள்ளி, பல்கலைக்கழகம், தமிழ்நாட்டுக் குழுமம் ஆகியவற்றின் தாள்களில் இவருடைய பெயர் தந்தையின் தலைப்பெழுத்துடன் இருந்தது. பழைய கடவுச்சீட்டிலும் சவூதிப் பதிவிலும் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து, தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயராக இருந்தது. 2022-இல் புதுப்பித்த கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் கணவர் பெயர் வந்துவிட்டது. ஆக, மூன்று பெயர்கள். அறியாதவர் பார்வைக்கு மூன்று பெண்கள்.

நடப்புக் கடவுச்சீட்டில் உள்ள பெயரையே சுயவிவரத்தின் தலையில் இட்டோம். அதன் கீழே ஒரே வரியில், மற்ற இரு வடிவங்களும் எந்தெந்த ஆவணங்களில் உள்ளன என்பதையும், திருமணச் சான்று இருப்பதையும் குறிப்பிட்டோம். கூடவே, மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் அப்போதே எடுத்து வைத்தார். அதைச் சுயவிவரத்தோடு அனுப்பவில்லை. கேட்கும்போது தரலாம் என்று வைத்துக்கொண்டோம்.

பணிப்பகுதிகளை எழுதிய முறை

பழைய சுயவிவரம் மூன்று மருத்துவமனைகளுக்கும் ஒரே கடமைப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: நோயாளியைச் சேர்த்தல், மருந்து கொடுத்தல், உயிர்க்குறிகளைப் பார்த்தல், மருத்துவருடன் சுற்று வருதல். உலகில் எந்தச் செவிலியரும் இவற்றைச் செய்வார். இதில் ஒருவரைப் பிரித்தறிய எதுவும் இல்லை.

ஒவ்வொரு பணியிடத்துக்கும் நான்கு செய்திகளை மட்டும் எழுதச் சொன்னேன்: பிரிவின் வகையும் படுக்கை எண்ணிக்கையும், எத்தகைய நோயாளிகள், ஒரு முறைப்பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், எந்தக் கருவிகளையும் செயல்களையும் யாருடைய துணையுமின்றிச் செய்தார். நான்காவதில்தான் நெடுநேரம் செலவானது. செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளியைப் பராமரித்தது, தமனிக் குழாயிலிருந்து இரத்த மாதிரி எடுத்தது, நார்அட்ரினலின் சொட்டு மருந்தை இரத்த அழுத்தத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தது ஆகியவற்றை அவர் தாமே செய்திருந்தார். ஐ.சி.யூ.வில் தொடர் டயாலிசிஸ் கருவியை அவர் பார்த்திருக்கிறார், இயக்கியதில்லை. வேறொருவர் இயக்கும்போது துணை நின்றிருக்கிறார். பழைய சுயவிவரத்தில் அதுவும் தேர்ச்சி என்று இருந்தது. துணை நின்றவற்றைத் தனி வரியாகப் பிரித்தோம்.

நாகர்கோவில் பணியை அவர் ஒரு பொருட்டாகவே கருதவில்லை, ஐ.சி.யூ.வை விட்டு இறங்கிவந்த வேலை என்பது அவர் எண்ணம். நானோ அதையே முதலில் வைக்கலாம் என்று சொன்னேன். பத்து இயந்திரங்கள் கொண்ட பிரிவில் ஃபிஸ்டுலாவில் ஊசி ஏற்றுவது முதல், சிகிச்சை நடுவே இரத்த அழுத்தம் விழும்போது சமாளிப்பது வரை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார். அது நேற்றுவரை கையில் உள்ள திறமை. இறுதியில் இரண்டு சுயவிவரங்கள் ஆயத்தமாயின. இரண்டிலும் செய்திகள் ஒன்றே. தொடக்கத்தில் உள்ள மூன்று வரிச் சுருக்கம் மட்டும் ஒன்றில் தீவிர சிகிச்சையையும் மற்றொன்றில் சிறுநீரகப் பிரிவையும் முன்வைத்தது. பணிக்காலங்கள் மாதத்துடன் எழுதப்பட்டன. ஒன்பது மாத இடைவெளிக்கு, குடும்பக் காரணம், செவிலியர் பணி இல்லை என்று ஒரு வரி. நான்கு பக்கம் இரண்டானது.

தொடர்ந்து நடந்தவை

2023 பிப்ரவரியில் ஓர் ஐ.சி.யூ.வின் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பதிவு பற்றி எந்தக் கேள்வியும் எழவில்லை. ஆஸ்கிக்கு எப்போது ஆயத்தமாவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஆனால் வேறிடத்தில் இடறியது, அது என் தவறு. பிரிட்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகளை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரிப்பார்கள். சுவாசக் கருவியின் முழு ஆதரவோ பல உறுப்புகளுக்கான ஆதரவோ தேவைப்படுபவர் மூன்றாம் நிலை. படிப்பவருக்குப் பழக்கமான சொல்லாக இருக்கட்டும் என்று நினைத்து, மூன்றாம் நிலை நோயாளிகள் என்று நானே எழுதச் சொல்லியிருந்தேன். அங்கே மூன்றாம் நிலை நோயாளிக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது வழக்கம். சுயவிவரத்தின் அடுத்த வரியிலேயே ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகள் என்று இருந்தது. எந்த அளவுகோலில் மூன்றாம் நிலை என்று மதிப்பிட்டீர்கள் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அவர் பணியாற்றிய இரு மருத்துவமனைகளிலும் அந்த வகைப்பாடே இல்லை. கடைசியாக ஐ.சி.யூ.வில் பணியாற்றி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதையும் குழு சுட்டிக்காட்டியது. அந்த இடம் கிடைக்கவில்லை.

நிலை என்ற சொல்லை அன்றே நீக்கினோம். மார்ச் மாதம் வேறொரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு அழைத்தது. டயாலிசிஸ் நடுவே ஒரு நோயாளிக்கு நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, முந்தைய வாரம் நடந்த ஒரு நிகழ்வையே அவர் விடையாகச் சொன்னார். நிபந்தனையுடன் கூடிய பணி ஆணை வந்தது: பதிவு எண் கிடைக்கும்வரை நான்காம் ஊதிய நிலை, அதன்பின் ஐந்தாம் நிலை.

ஆவணச் சரிபார்ப்பில் பெயர் வேறுபாட்டைக் கவனித்தார்கள். சுயவிவரத்தில் ஏற்கெனவே குறிப்பிட்டிருந்ததால் திருமணச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் போதுமானவையாயின. தாமதம் எதிர்பாராத இடத்தில் வந்தது. கடந்த மூன்று ஆண்டுக்கான பணிச் சான்றுரை தேவைப்பட்டது. அதில் பாதிக்காலம் சவூதியில் கழிந்தது. அங்கிருந்த பிரிவுத் தலைவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். மனிதவளத் துறை வேலை தேதிகளை மட்டும் உறுதிசெய்து கடிதம் அனுப்ப ஏழு வாரம் எடுத்துக்கொண்டது.

ஆகஸ்டில் அவர் பிரிட்டன் சென்றார். ஆஸ்கியில் முதல் முறை ஒரு பகுதியில் தவறி, மறுதேர்வில் தேறினார். நவம்பரில் பதிவு எண் வந்தது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

ஒரு நாட்டின் வகைப்பாட்டுச் சொல்லை இன்னொரு நாட்டுப் பணிக்கு நாமாகப் பொருத்தக் கூடாது. சவூதியின் ஸ்பெஷலிஸ்ட் என்ற சொல் பிரிட்டனில் எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைக் கண்டுபிடித்த நானே, பிரிட்டனின் சொல்லை மதுரைக்கும் சவூதிக்கும் பொருத்தி அதே பிழையை எதிர்த்திசையில் செய்தேன். சுவாசக் கருவியில் இருந்தவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தவர்கள் என்று நோயாளியை விவரித்திருந்தால், அவர் எந்த நிலை என்பதைத் தேர்வுக்குழுவே தீர்மானித்திருக்கும்.

இரண்டாவது, அனுபவச் சான்றிதழ். சவூதிச் சான்றிதழில் வார்டில் இருந்த மாதங்களும் ஐ.சி.யூ. மாதங்களும் தனித்தனியாக இருந்ததால் கணக்கிட முடிந்தது. மதுரைச் சான்றிதழில் ஸ்டாஃப் நர்ஸ் என்ற சொல்லைத் தவிரப் பிரிவின் பெயர் இல்லை, ஐ.சி.யூ.வில் இருந்ததற்கு அவருடைய பழைய பணிப்பட்டியல் நகல்கள்தான் ஆதாரம். இப்போது வேலையை விட்டு வருவோரிடம், கடைசி நாளுக்கு முன்பே பிரிவு வாரியாகத் தேதிகளுடன் சான்றிதழ் கேட்டுப் பெறவும், பிரிவுத் தலைவரின் அலுவலக மின்னஞ்சலோடு மனிதவளத் துறையின் பொது மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளவும் சொல்கிறேன்.

மூன்றாவது, கடவுச்சீட்டில் பெயர் மாற்றிய காலம். தேர்வுகளும் சரிபார்ப்புகளும் தொடங்கும் ஆண்டிலேயே குடும்பப்பெயரை மாற்றியதால்தான் இரண்டு வடிவங்கள் மூன்றாயின. பிரிட்டனில் பதிவு முடிந்தபின் மாற்றியிருக்கலாம். அல்லது விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே மாற்றிவிட்டுப் பிறகு தொடங்கியிருக்கலாம்.

சுயவிவரத்தின் மூலப்படி இன்னும் அவரிடம் உள்ளது. பதிவு எண் வந்த அன்று, இன்னும் வழங்கப்படவில்லை என்ற சொற்களை நீக்கிவிட்டு எண்ணையும் தேதியையும் எழுதி எனக்கு அனுப்பினார். சவூதி வரியில் காலாவதி என்ற சொல் அப்படியே இருந்தது.